சத்தியக் கடதாசியின் கடைசி நான்கு வரிகள்

பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்து என்னிடம் தமிழ் பயின்று, பின்னர்ப் பல்கலைக்கழகம் சென்று கலைமாணிப் பட்டமும் பெற்ற மாணவி ஒருத்தி அண்மையில் என் வீடு தேடி வந்தாள். நற்சான்றிதழ் ஒன்று வேண்டும் என்றாள். எதற்கென்று வினவியபோது, பத்திரிகையிலிருந்து வெட்டியெடுத்த விளம்பரம் ஒன்றை என் முன் வைத்தாள். "சட்ட உதவியாளர் சான்றிதழ், ஆறு மாதம், நீதிமன்றங்களிலும் சட்டத்தரணிகளின் அலுவலகங்களிலும் வேலைவாய்ப்பு" என்பது அதன் சாரம். கட்டணமோ, தோட்டத்திற் கொழுந்து பறிக்கும் தாயொருத்தியின் பல மாத ஊதியம்.

"ஐயா, இதைப் படித்தால் கோட்டில் வேலை கிடைக்கும் என்கிறார்கள். ரொறன்ரோவில் இருக்கும் மாமாவும் நல்ல படிப்பு என்றுதான் சொல்கிறார். அங்கே இதைப் படித்தவர்கள் வழக்கே பேசுகிறார்களாம்," என்றாள்.

அவள் மாமன் கூறியது பொய்யன்று. ஆயினும் அது ரொறன்ரோவின் உண்மை. பதுளையின் உண்மை வேறு. நம் இளைஞர் பலர் இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதிப் பொருளையும் காலத்தையும் இழக்கின்றமையால், இதனைச் சற்று விரித்துரைக்க விரும்புகின்றேன்.

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 2007 ஆம் ஆண்டு முதல் சட்ட உதவியாளர் என்போர் உரிமம் பெற்ற தொழிலாளர் வகுப்பினர். அங்கீகாரம் பெற்ற கல்லூரியிற் பயின்று, பயிற்சி முடித்து, அம்மாகாணச் சட்டச் சங்கம் நடத்தும் தேர்விலும் தேறினால், சிறுகோரிக்கை நீதிமன்றத்திலும் வாடகைத் தகராறு போன்றவற்றை விசாரிக்கும் நியாய சபைகளிலும் அவர்கள் கட்சிக்காரருக்காகத் தாமே தோன்றி வாதிடலாம். அங்கே அச்சான்றிதழ் ஓர் உரிமத்திற்குச் செல்லும் வழி.

நம் நாட்டில் அத்தகைய உரிமம் இல்லை. 1974 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் புறக்டர், அப்புக்காத்து என்னும் இரு வகுப்பும் ஒன்றாகிச் சட்டத்தரணி என்னும் ஒரே வகுப்பு ஆயிற்று. நீதிமன்றத்திற் பிறருக்காகத் தோன்றி வாதிடும் உரிமை உயர் நீதிமன்றத்திற் பதிவுபெற்ற சட்டத்தரணிக்கே உரியது. தொழில் நியாய சபையில் மட்டும் தொழிற்சங்கம் தன் அங்கத்தவருக்காக விண்ணப்பம் செய்யவும் தோன்றவும் சட்டம் இடந்தருகின்றது. நம் தோட்டங்களின் சங்கப் பிரதிநிதிகள் பலர் அவ்வழியில் நெடுங்காலம் வாதாடி வந்திருக்கின்றனர். ஆனால் அவ்வுரிமை சங்கத்தால் வருவது, சான்றிதழால் வருவதன்று.

இனி, நீதிமன்ற வேலை என்பதைக் காண்போம். பதிவாளர், உரைபெயர்ப்பாளர், சுருக்கெழுத்தாளர், இலிகிதர் முதலிய நீதிமன்றப் பதவிகளுக்கு ஆட்சேர்ப்பது நீதிச் சேவை ஆணைக்குழுவின் பொறுப்பாகும். வர்த்தமானியில் அறிவித்தல் வரும். அதிற் கூறிய கல்வித் தகைமை இருத்தல் வேண்டும். போட்டிப் பரீட்சையில் தேறல் வேண்டும். தனியார் நிறுவனம் ஒன்றின் ஆறுமாதச் சான்றிதழ் அப்பரீட்சைக்கு மாற்றாகாது. "நீதிமன்றத்தில் வேலைவாய்ப்பு" என்று விளம்பரத்தில் எழுதுவோர், வர்த்தமானியில் எந்தப் பதவிக்கு இச்சான்றிதழ் தகைமையாகக் கூறப்பட்டிருக்கின்றது என்று காட்டக் கடமைப்பட்டவர்கள். காட்ட இயலாதாயின், அச்சொற்றொடரை நாம் கழித்துவிட்டே வாசித்தல் வேண்டும்.

இவ்விரண்டையும் கழித்தபின் எஞ்சுவது சட்டத்தரணியின் அலுவலக வேலை ஒன்றே. அது சிறிய வேலையன்று. ஆனால் பதுளை, பண்டாரவளை, வெலிமடை போன்ற ஊர்களில் அவ்வேலையின் உயிர்நிலை எங்கேயுள்ளது என்பதைக் கொழும்பை நோக்கி ஆக்கப்பட்ட பாடத்திட்டங்கள் பெரும்பாலும் அறியா. அதனை என் மாணவியின் வீட்டில் நடந்த ஒன்றைக்கொண்டே விளக்குகின்றேன். அவளது இசைவுடன், இடத்தையும் ஆட்களையும் குறிப்பிடாது கூறுகின்றேன்.

அவளுடைய தாயார் 1995 ஆம் ஆண்டு தை மாதம் தோட்டத்திற் பெயர் பதிந்தவர். 2025 ஆம் ஆண்டு தை மாதம் வேலையை விட்டார். முழுமையாக முப்பது ஆண்டுச் சேவை. 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தின்படி, மாதச் சம்பளக்காரருக்கு ஆண்டொன்றுக்கு அரை மாதச் சம்பளமும், நாட்கூலி பெறுவோருக்கு ஆண்டொன்றுக்குப் பதினான்கு நாட் கூலியும், இறுதியாகப் பெற்ற ஊதிய வீதப்படி கொடுக்கப்படல் வேண்டும். அன்றைய அடிப்படை நாட்கூலி 1,350 ரூபா. பதினான்கு நாளுக்கு 18,900 ரூபா. முப்பது ஆண்டுக்கு 567,000 ரூபா. கணக்கு இவ்வளவு எளியது.

எளிதல்லாதது யாதெனின், அந்த முப்பது ஆண்டை நிறுவுவதே. பழைய செக்ரோல் ஏடுகள் சில கிடைக்கவில்லை. கிடைத்தவற்றிலே அம்மையாரின் பெயர் ஒருவாறும், அடையாள அட்டையில் இன்னொருவாறும் இருந்தது. இருவரும் ஒருவரே என்றும், இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை தாம் வேலை செய்ததாகவும் ஒரு சத்தியக் கடதாசி முடித்துக் கொண்டுவரும்படி தோட்ட அலுவலகம் கூறியது. நகரத்து அலுவலகம் ஒன்றிலே சிங்களத்தில் அது தட்டச்சு செய்யப்பட்டது. "இங்கே கையெழுத்து வையுங்கள், அம்மா" என்றார்கள்; அம்மையாரும் வைத்தார். அதில் 1995 என்றிருக்க வேண்டிய இடத்தில் 2005 என்று விழுந்திருந்தது.

ஓர் எண்ணின் பிழைதான். ஆனால் முப்பது ஆண்டு இருபதாயிற்று; 567,000 ரூபா 378,000 ரூபாவாயிற்று; இடையிலே 189,000 ரூபா மறைந்தது. அம்மறைவுக்குச் சாட்சி சொல்வதோ அம்மையாரின் சொந்தச் சத்தியமே! பிழை தெரிந்தபின் இரண்டாவது சத்தியக் கடதாசி ஒன்று கொடுக்கப்பட்டது. "இரண்டும் சத்தியமென்றால் எதை நம்புவது?" என்பது மறுமொழி. அக்கேள்வியை நியாயமற்றதென்று நாம் தள்ளிவிட முடியாது. முடிவில், ஊழியர் சேமலாப நிதிக்கு 1995 முதலே அவர் பெயரிற் பணம் செலுத்தப்பட்டு வந்தமை பதிவுகளிலே காணப்பட்டதால் வழக்கு நேரானது. முப்பது நாளுக்குள் கொடுபட வேண்டிய பணம் கைக்கு வரப் பதினொரு மாதம் சென்றது.

இப்பிழையைத் தடுத்திருக்கக்கூடிய கருவி புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதொன்றன்று. 1889 ஆம் ஆண்டு முதல் அது நம் சட்டத்தில் இருக்கின்றது. அவ்வாண்டின் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 439 ஆம் பிரிவு கூறுவது இது: சத்தியம் செய்பவர் பார்வையற்றவராகவோ, எழுத்தறியாதவராகவோ, நீதிமன்ற மொழியின் எழுத்தை விளங்கிக்கொள்ள இயலாதவராகவோ இருப்பின், அக்கடதாசி அவருக்கு அவருடைய மொழியிலே வாசித்தோ பெயர்த்தோ கூறப்படல் வேண்டும். அங்ஙனம் கூறப்பட்டது என்பதும், அவர் அதன் பொருளை உணர்ந்தவராகக் காணப்பட்டார் என்பதும், சமாதான நீதவான் அல்லது சத்தியப் பிரமாண ஆணையாளரின் முன்னிலையிலேயே கையொப்பமோ அடையாளமோ இட்டார் என்பதும் கடதாசியின் அடியில் எழுதப்படல் வேண்டும்.

இந்த அடிக்குறிப்பைச் சட்டத்தரணிகள் "ஜூராத்து" என்பர். மூன்று நான்கு வரிகளுக்கு மேல் இராது. பெரும்பாலும் முன்னரே அச்சடித்தாற்போல் அது தட்டச்சிலே வந்துவிடும். ஆதலால் அதனை எவரும் வாசிப்பதில்லை. ஆனால் மேலேயுள்ள பந்திகள் யாவும் இவ்வரிகளின்மீதே நிற்கின்றன. எங்கள் மேல் நீதிமன்றங்களில் ஒரு மனு விசாரணைக்கு வந்தவுடன் எதிர்த்தரப்பார் எழுப்பும் முதல் ஆட்சேபனை, சத்தியக் கடதாசியின் இவ்வரிகளிற் குறையுண்டு என்பதாகவே பலமுறை அமைவதைச் சட்ட அறிக்கைத் தொகுதிகளைப் புரட்டுவோர் காணலாம்.

ஊவாவின் தோட்டப்புறங்களுக்கு இது ஏன் தனிச்சிறப்பாகப் பொருந்துகின்றது என்பதையும் சொல்ல வேண்டும். அரசியலமைப்பின்படி சிங்களமும் தமிழும் நாடெங்கும் நீதிமன்ற மொழிகளே. ஆயினும், தமிழ் நிருவாக மொழியாக உள்ள பிரதேசங்கள் தவிர்ந்த இடங்களில் நடவடிக்கைகளும் பதிவேடுகளும் சிங்களத்தில் அமையும். தமிழில் மனுக் கொடுக்கவும், அரசின் செலவிலே மொழிபெயர்ப்புப் பெறவும் 24 ஆம் உறுப்புரை நமக்கு உரிமை தருகின்றது. 1999 ஆம் ஆண்டு பதுளை மாவட்டத்துப் பிரதேச செயலகப் பிரிவுகள் பலவற்றில் இருமொழி நிருவாகமும் பிரகடனம் செய்யப்பட்டது. உரிமை இவ்வாறிருக்க, நாள்தோறும் நடப்பது வேறு. வழக்கு விரைந்து நடக்க வேண்டுமென்று எல்லாரும் பத்திரத்தைச் சிங்களத்திலேயே எழுதிவிடுகின்றனர். ஆகவே தோட்டத் தொழிலாளி கையொப்பமிடும் ஏறக்குறைய ஒவ்வொரு பத்திரத்துக்கும் 439 ஆம் பிரிவு பொருந்துகின்றது. அவர் தமிழிலே நன்கு எழுத வாசிக்கத் தெரிந்தவராயினும் பொருந்துகின்றது என்பதை மறத்தலாகாது; பிரிவு கேட்பது எழுத்தறிவை மட்டுமன்று, அம்மொழியின் அறிவையும் ஆகும்.

எனவே, பதுளையில் ஒரு சட்ட உதவியாளர் செய்யத்தக்க தலையாய பணி, அந்த நான்கு வரிகளையும் உண்மையாக்குவதே. அதற்கு அவர் செய்ய வேண்டியவை சில.

முதலாவது, பெயர். இதனைத் தமிழாசிரியன் என்ற முறையிற் கூறுகின்றேன். தமிழிலே "ப" என்பது ஓரெழுத்து. வல்லொலிக்கும் மெல்லிய ஒலிக்கும் அதுவே நிற்கும். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் அவ்விரண்டு ஒலிக்கும் வெவ்வேறு எழுத்துக்கள் உண்டு. ஆகவே பாலன் என்னும் ஒரு பெயர் அம்மொழிகளில் இரண்டாகின்றது. காமாட்சி என்பது பேச்சிலே காமாச்சியாகி, அவ்வாறே ஏட்டிலும் ஏறுகின்றது. பழனியின் ழகரம் சிங்கள எழுத்தில் லகரமாகி, அங்கிருந்து மீண்டும் தமிழுக்கு வரும்போது பலனி ஆகின்றது. இவை எழுதுவோரின் அறியாமையால் மட்டும் விளைவன அல்ல. நெடுங்கணக்குகள் வேறுபடுவதால் விளைவன. ஆதலால் பெயரைக் காதாற் கேட்டு எழுதுதல் ஆகாது. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சேமலாப நிதிப் பதிவு ஆகிய மூன்றையும் முன் வைத்து, ஒவ்வொன்றிலும் உள்ளவாறே எழுத்துக்கு எழுத்துப் பெயர்த்தெழுதி, "இம்மூன்று பெயராலும் குறிக்கப்படுபவர் நானே" என்று கடதாசியில் ஒரு பந்தி அமைத்தல் வேண்டும். ஒன்றைத் திருத்தி மற்றொன்றோடு ஒத்திசைய வைக்க முயல்வது நல்லெண்ணத்தாற் செய்யும் கேடு. அதனால் நான்காவதாக ஒரு பெயர் பிறக்கும்.

இரண்டாவது, சத்தியத்தின் வகை. நம் சட்டத்தில் கிறித்தவர் சத்தியம் செய்வர். இந்துக்களும் பௌத்தரும் இசுலாமியரும் உறுதியுரைப்பர். நம் தோட்டங்களில் ஒரே குடும்பத்தில் தாய் மாரியம்மன் கோயிலுக்கும் மகன் தேவாலயத்துக்கும் செல்வதுண்டு. பழைய கடதாசியைப் பார்த்துப் புதியதைத் தட்டச்சு செய்பவர் இதனைக் கேளாது விட்டுவிடுவார். இப்பிழை ஒன்றினாலேயே கடதாசி செல்லாமற் போய்விடாது என்று உயர் நீதிமன்றம் கருதியிருப்பினும், அதனை நிலைநாட்ட ஒரு வாதமும் சில தவணைகளும் செலவாகும். ஒரு கேள்வியால் தீர்வதை வழக்காக வளர்ப்பானேன்?

மூன்றாவது, முன்னிலை. ஒரு சட்டத்தரணி சத்தியப் பிரமாண ஆணையாளராக இருந்தாலும், தாம் கட்சிக்காரருக்காகத் தோன்றும் விடயத்தில் தாமே அக்கடதாசியை உறுதிப்படுத்தல் ஆகாது. ஆகவே உதவியாளர் கட்சிக்காரரை வேறொருவரிடம் அழைத்துச் செல்ல வேண்டியவராகின்றார். தோட்டத்திலிருந்து வந்தவர் மாலைப் பேருந்தைப் பிடிக்க வேண்டும். ஆணையாளர் அலுவலகத்தில் இல்லை. இந்நிலையில் "நீங்கள் கையெழுத்து வைத்துவிட்டுப் போங்கள், பிறகு அவரிடம் நான் வாங்கிக்கொள்கிறேன்" என்று சொல்லும் சபலம் எழும். அச்சொல் எழுந்த இடத்திலேயே கடதாசி பொய்யாகின்றது. ஏனெனில் "என் முன்னிலையிற் கையொப்பமிட்டார்" என்று அதில் எழுதியிருக்கின்றது.

நான்காவது, வாசித்துக் காட்டல். பெருவிரல் அடையாளம் இடுபவராயின், அவ்வடையாளத்தின் பக்கத்தில் அவர் பெயரை எழுதுபவர் தம் பெயரையும் முகவரியையும் எழுதல் வேண்டும் என்கிறது 440 ஆம் பிரிவு. இது சிறு குறிப்புப்போல் தோன்றினும், பின்னர் யாரைக் கேட்பது என்பதற்கு விடை அதுவே. வாசித்துக் காட்டிய பின்னர், "விளங்கிற்றா?" என்று கேட்பதாற் பயனில்லை, எவரும் "விளங்கிற்று" என்றே சொல்வர். "எந்த ஆண்டில் வேலைக்குச் சேர்ந்ததாக இதில் எழுதியிருக்கின்றது, சொல்லுங்கள் அம்மா" என்று கேட்டல் வேண்டும். அந்தத் தாயாரிடம் அன்று எவரேனும் இக்கேள்வியைக் கேட்டிருந்தால், "தொண்ணூற்றைந்து" என்ற விடை அக்கணமே வந்திருக்கும். பதினொரு மாதம் மிஞ்சியிருக்கும்.

இப்பணிக்கு ஓர் எல்லையும் உண்டு. வாசித்துக் காட்டுபவர் அதிலுள்ளதைச் சொல்லலாம். "இப்படிச் சொன்னால் வழக்கு வெல்லும்" என்று சொல்லலாகாது. முன்னது மொழிபெயர்ப்பு, பின்னது சட்ட ஆலோசனை, சட்டத்தரணிக்கு உரியது. தோட்டத்திலே பட்டம் பெற்ற பிள்ளையைச் சுற்றி ஊரவர் கூடி ஆலோசனை கேட்கும்போது இக்கோட்டில் நிற்பது கடினமே. கட்டணம் கொடுக்க இயலாதவரை, 1978 ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்கு வழிகாட்டுவது அக்கோட்டைத் தாண்டாமற் செய்யக்கூடிய பேருதவி.

இவ்வளவையும் மனத்திற்கொண்டு அந்த விளம்பரத்தை மீண்டும் நானும் மாணவியும் வாசித்தோம். மூன்று கேள்விகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். ஒன்று: இந்நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவிற் பதிவு பெற்றதா, இப்பாடநெறியும் அப்பதிவில் அடங்குகின்றதா? இரண்டு: கற்பிப்பது எம்மொழியில், பத்திரம் வரையும் பயிற்சி சிங்களத்திலும் தமிழிலும் உண்டா? மூன்று: சென்ற தொகுதி மாணவர் ஒருவர் தம் கையால் ஆக்கிய சத்தியக் கடதாசி ஒன்றைப் பெயர்களை மறைத்துக் காட்ட முடியுமா?

இரண்டு வாரத்தின் பின் அவள் திரும்பி வந்தாள். முதற் கேள்விக்கு, விண்ணப்பித்திருப்பதாக விடை வந்ததாம். இரண்டாவதற்கு, ஆங்கிலம் மட்டும் என்றார்களாம். மூன்றாவது கேள்வியை அவர்கள் விளங்கிக்கொள்ளவேயில்லை என்று சிரித்தாள். எல்லா நிறுவனங்களும் இத்தகையன என்று நான் கூறவில்லை. மூன்றுக்கும் நேரான விடை தரும் ஒன்று இருப்பின், அதற்குக் கொடுக்கும் பணம் வீணாகாது. அவள் அதனைத் தேடும்வரை வாளாவிருக்கவில்லை. சிங்களத்திலே தட்டச்சுப் பழகுகின்றாள். பதுளையில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்திற் சிறு ஊதியத்துக்கு அமர்ந்திருக்கின்றாள். நீதிமன்ற உரைபெயர்ப்பாளர் பரீட்சைக்கான வர்த்தமானி அறிவித்தலையும் எதிர்பார்த்திருக்கின்றாள்.

நான் எழுதிக் கொடுத்த நற்சான்றிதழை அவள் பெற்றுக்கொண்டபோது ஒன்று நிகழ்ந்தது. முழுவதையும் நின்றவாறே ஒருமுறை வாசித்தாள். பின்னர், "ஐயா, என் பெயரில் ஓரெழுத்து அடையாள அட்டையில் உள்ளதுபோல் இல்லை," என்றாள். முப்பது ஆண்டாக எழுத்துப்பிழை திருத்தி வரும் நான், தாளை வாங்கித் திருத்திக் கொடுத்தேன்.